சந்திப்புதோறும் நின்று சேரும் ஓட்டக் குழு: அதன் உண்மையான பேஸ் எது?

கோவை வடவள்ளியிலிருந்து மருதமலை அடிவாரப் பக்கம் ஞாயிறு காலைகளில் ஓடும் ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்றின் கணக்கு இது. போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர். ஒரே சாலையில் போய், அதே சாலையில் திரும்புகிறார்கள். போகும்போது இரண்டு சந்திப்புகள், திரும்பும் முனை ஒன்று, வரும்போது அதே இரண்டு சந்திப்புகள் என ஐந்து இடங்களில் எல்லோரும் நின்று, கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த பகுதியைத் தொடங்குவார்கள். இருட்டில் யாரும் வழி தவறிவிடக் கூடாது, யாரும் தனியாக விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம்.

சிக்கல் அறிவிப்பில்தான் தொடங்கியது. வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமை மாலை வரும் செய்தியில் "12 கி.மீ., பேஸ் 5:36" என்று இருக்கும். பேஸ் என்றால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் நிமிடமும் விநாடியும். எண் குறையக் குறைய ஓட்டம் வேகமானது. இந்த 5:36 குழுவின் முன்னால் ஓடும் வங்கி ஊழியரின் கைக்கடிகாரம் காட்டியது. அதை நம்பிக் கணக்கிட்டால் காலை 5:30-க்குப் புறப்படுபவர்கள் 6:40-க்குள் திரும்பிவிட வேண்டும். நடைமுறையில் 7 மணி தாண்டித்தான் வந்து சேர்ந்தார்கள். இன்னொரு பக்கம், கிலோமீட்டருக்கு 6:30 ஓடக்கூடிய சிலர் "நமக்கு இது ஒத்துவராது" என்று வராமலே இருந்தார்கள். குழுவிலேயே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 7:00 ஓடுபவர். அவர் எல்லா வாரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அறிவிப்பின்படி அப்படி ஒருவர் குழுவில் இருக்கவே முடியாது.

"என் கடிகாரம் 8 நிமிடம் என்கிறது, உங்களுடையது ஐந்தரை என்கிறது. நாம் ஒரே சாலையில்தானே ஓடினோம், தம்பி?" என்று ஆசிரியர் கேட்டாராம். "சார், நீங்கள் நிற்கும் நேரத்தையும் சேர்த்துவிட்டீர்கள்" என்பது வங்கி ஊழியரின் பதில். இருவர் சொன்னதிலும் பிழை இல்லை. இருவர் எண்ணும் குழுவின் பேஸ் இல்லை என்பதுதான் விஷயம்.

கடிகாரம் எதைக் கணக்கிடுகிறது

பெரும்பாலான ஓட்டக் கடிகாரங்களும் செயலிகளும் இரண்டு வகை நேரத்தைத் தருகின்றன. தொடக்கம் முதல் முடிவு வரை சுவர்க்கடிகாரம் காட்டும் நேரம் ஒன்று: திரையில் `Elapsed Time` என்று இருக்கும். கால்கள் நகர்ந்த நேரம் மட்டும் மற்றொன்று: `Moving Time`. ஸ்ட்ராவா செயலி சாதாரண ஓட்டத்திற்குச் சராசரி பேஸைக் காட்டும்போது நகர்ந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதே ஓட்டத்தைப் பந்தயம் என்று குறித்துவிட்டால் மொத்த நேரத்துக்கு மாறிவிடும். கார்மின் கடிகாரத்தில் தானாக நிற்கும் `Auto Pause` வசதியை இயக்கியிருந்தால், நின்ற நேரம் முதலிலேயே கழிந்துவிடும். ஆகவே ஒரே ஓட்டத்தைப் பதிவுசெய்த இருவர், அமைப்பு வேறுபாட்டால் மட்டுமே கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் தள்ளி நிற்கலாம். ஆசிரியரின் கைபேசிச் செயலி மொத்த நேரத்தை எடுத்துக்கொண்டது. வங்கி ஊழியரின் கடிகாரம் நகர்ந்த நேரத்தை எடுத்துக்கொண்டது.

இதோடு முடிந்திருந்தால் "எல்லோரும் ஒரே அமைப்பை வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அமைப்பை ஒன்றாக்கினாலும் எண்கள் ஒத்துப்போகாது. காரணம், சந்திப்பில் முதலில் வருபவரின் நிறுத்தமும் கடைசியில் வருபவரின் நிறுத்தமும் வேறு வேறு பொருட்கள். முதலில் வந்தவர் மூன்று நிமிடம் நிற்கிறார் என்றால், அந்த மூன்று நிமிடமும் பின்னால் வருபவர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். வங்கி ஊழியரின் கடிகாரம் "ஓய்வு" என்று கழிப்பதை ஆசிரியரின் கடிகாரம் "ஓட்டம்" என்று கூட்டுகிறது. குழு என்பது அந்த நேரத்தில் இன்னும் சாலையில்தான் இருக்கிறது.

எனவே நிற்கும் நேரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் வந்து நின்ற கணத்திலிருந்து கடைசி ஆள் வரும் வரை உள்ளது காத்திருப்பு. கடைசி ஆள் வந்த கணத்திலிருந்து எல்லோரும் புறப்படும் வரை உள்ளது பொது ஓய்வு. காத்திருப்பு ஆளுக்கு ஆள் மாறும், கடைசி ஆளுக்குச் சுழியம். பொது ஓய்வு ஒன்பது பேருக்கும் ஒன்றே. குழுவின் பேஸ் எனக் கேட்டால் காத்திருப்பைக் கழிக்கக் கூடாது, பொது ஓய்வைக் கழிக்க வேண்டும். முழுப் பயணமும் எவ்வளவு நேரம் ஆகும் எனக் கேட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறின் பதிவுகள்

ஒரு ஞாயிறு, எல்லோரும் தங்கள் பதிவுக் கோப்புகளைக் கொடுத்தார்கள். ஜிபிஎஸ் கடிகாரங்கள் செயற்கைக்கோள்களிடமிருந்தே நேரத்தைப் பெறுவதால், ஒருவரின் கோப்பையும் இன்னொருவரின் கோப்பையும் விநாடி அளவில் பொருத்திப் பார்க்க முடிகிறது. இது பெரிய வசதி. யார் எந்தச் சந்திப்பை எத்தனை மணிக்குத் தொட்டார்கள் என்பதை இப்படித்தான் எடுத்தோம்.

ஒவ்வொரு சந்திப்பையும் மையமாக வைத்து 25 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்துகொண்டோம். ஒருவரின் தடம் அந்த வட்டத்துக்குள் நுழைந்து, பிறகு அடுத்த பகுதியை நோக்கி வெளியேறும் வரை உள்ள புள்ளிகளை மட்டும் பார்த்து, வேகம் விழுந்த கணத்தை வருகை என்றும், கடைசியாக வேகம் பிடித்த கணத்தைப் புறப்பாடு என்றும் குறித்தோம். வட்டத்தின் விளிம்பையே வருகையாக எடுத்தால் ஒவ்வொரு முனையிலும் 25 மீட்டர் ஓட்டம் கணக்கில் விழாமல் போகும். 7:00 பேஸில் அது பத்து விநாடிக்கும் சற்று மேல். ஒரு பகுதிக்கு இரு முனை என்றால் இருபது விநாடி. வட்டம் இல்லாமல் வேகத்தை மட்டும் பார்த்தாலும் ஆபத்துதான்: ஏற்றத்தில் நடந்து போனவரின் நடை நிறுத்தமாகத் தெரியும்.

ஒன்பது பேரில் ஆறு பேர் எந்தப் பகுதியிலும் முதலிலும் வரவில்லை, கடைசியிலும் வரவில்லை. அவர்களை விட்டுவிடலாம். மீதி மூவர்: எப்போதும் முதலில் வரும் வங்கி ஊழியர், சீராக மெதுவாக ஓடும் ஆசிரியர், சமதளத்தில் நன்றாக ஓடி ஏற்றத்தில் திணறும் கல்லூரி மாணவி ஒருவர். கடைசி நெடுவரிசையில் உள்ளது அந்தப் பகுதியில் யார் கடைசியாக வந்தாரோ அவருடைய நேரம்.

| பகுதி | கி.மீ. | வங்கி ஊழியர் | ஆசிரியர் | மாணவி | கடைசி வருகை |
|---|---|---|---|---|---|
| 1 | 2.0 | 11:00 | 14:00 | 12:40 | 14:00 |
| 2 | 2.2 | 12:06 | 15:24 | 14:18 | 15:24 |
| 3 (ஏற்றம்) | 1.8 | 10:48 | 13:24 | 15:18 | 15:18 |
| 4 (இறக்கம்) | 1.8 | 9:00 | 12:36 | 10:48 | 12:36 |
| 5 | 2.2 | 12:06 | 15:24 | 14:52 | 15:24 |
| 6 | 2.0 | 11:00 | 14:00 | 14:40 | 14:40 |
| மொத்தம் | 12.0 | 66:00 | 84:48 | 82:36 | 87:22 |

ஐந்து நிறுத்தங்களிலும் கடைசி ஆள் வந்த பிறகு எடுத்துக்கொண்ட பொது ஓய்வு முறையே 1:10, 1:30, 4:00, 1:20, 1:38. மொத்தம் 9:38. நான்கு நிமிடம் திரும்பும் முனையில், தண்ணீர் குடிக்கவும் படம் எடுக்கவும். 87:22-ஐயும் 9:38-ஐயும் கூட்டினால் சரியாக 97 நிமிடம். 5:30-க்குக் கிளம்பிய குழுவின் கடைசி ஆள் 7:07-க்கு வந்து சேர்ந்தார், அன்று நடந்ததும் அதுதான்.

அட்டவணையின் கீழ் வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூவரில் மிக மெதுவானவர் ஆசிரியர், 84:48. ஆனால் குழுவின் நேரம் 87:22. மிக மெதுவானவரைவிடவும் குழு மெதுவானது! முதலில் பார்ப்பவர்கள் கூட்டலில் எங்கோ தவறு என்றுதான் நினைப்பார்கள். தவறு இல்லை. முதல், இரண்டாம், நான்காம், ஐந்தாம் பகுதிகளில் குழு ஆசிரியருக்காக நின்றது. ஏற்றத்தில் ஆசிரியர் மாணவிக்காக 1:54 நின்றார். கடைசிப் பகுதியில் மாணவி களைத்துப்போய் ஆசிரியருக்கு 40 விநாடி கழித்து வந்தார். அந்த 1:54-ம் 40 விநாடியும் சேர்ந்ததுதான் 2:34 வேறுபாடு. பகுதிக்குப் பகுதி கடைசி ஆள் மாறும்போதெல்லாம் குழு ஒவ்வொருவரின் பலவீனமான பகுதியையும் தனித்தனியாகச் சுமக்கிறது. ஒருவர் ஒரு பகுதியில் சம்பாதித்த நேரத்தை அடுத்த பகுதிக்கு எடுத்துப்போக முடியாது, சந்திப்பில் அது கரைந்துவிடுகிறது.

வாய்பாடாக எழுதினால், `i` என்பது பகுதி, `j` என்பது ஆள்:

```
குழு நேரம் = Σi max_j ( t[i][j] )
குழு பேஸ்  = குழு நேரம் / பாதையின் தூரம்
```

87:22 என்பது 5,242 விநாடி. 12-ஆல் வகுத்தால் 437 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு 7:17. இதுவே குழு ஓடிய உண்மையான சராசரி பேஸ் என்பேன். பொது ஓய்வையும் சேர்த்தால் 97 நிமிடத்துக்கு 8:05. வீட்டில் எத்தனை மணிக்குக் காபி கேட்கலாம் என்று அறிய இந்த இரண்டாவது எண்.

முன்னால் ஓடுபவரின் கடிகாரத்தில் இதைப் படிக்க முடியுமா

முடியாது. எந்த அமைப்பை மாற்றினாலும் முடியாது என்பதைத்தான் குழுவில் ஏற்க வைப்பது கடினமாக இருந்தது. வங்கி ஊழியரின் ஓட்டம் 66 நிமிடம், பேஸ் 5:30. "சரி, நின்ற நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்" என்று அவர் மொத்த நேரத்துக்கு மாறினார். அவருடைய மொத்த நேரம் 93:20. குழுவின் 97 நிமிடம் இல்லை, ஏனெனில் கடைசிப் பகுதியில் அவர் மாணவிக்கு 3:40 முன்பே வந்து கடிகாரத்தை நிறுத்திவிட்டார். 93:20-ஐ 12-ஆல் வகுத்தால் 7:47. குழுவின் ஓட்ட பேஸான 7:17-க்கும் இது பொருந்தவில்லை, பயண பேஸான 8:05-க்கும் பொருந்தவில்லை. பொது ஓய்வு முழுவதும் உள்ளே இருக்கிறது, கடைசிக் காத்திருப்பு மட்டும் வெளியே போய்விட்டது. இரண்டும் கெட்டான் எண்.

அவர் ஐந்து சந்திப்புகளில் நின்றது மொத்தம் 27:20. அதில் 17:42 காத்திருப்பு, 9:38 பொது ஓய்வு. அவருடைய கோப்பில் இந்த இரண்டுக்கும் இடையே எந்தக் கோடும் இல்லை. கடைசி ஆள் வந்த கணம் அவர் கடிகாரத்துக்குத் தெரியாது, அது கையில் கட்டியிருப்பவரின் கால்களை மட்டும்தான் அறியும்.

தூரத்திலும் ஒரு சின்னக் கசிவு இருந்தது. அவருடைய கடிகாரம் 12.16 கி.மீ. காட்டியது. நிற்கும்போது யாரும் சிலையாக நிற்பதில்லை. டீக்கடை வரை நடப்பார்கள், கால்களை நீட்டுவார்கள், சாலையைக் கடந்து மறுபக்கம் போவார்கள். ஜிபிஎஸ்ஸும் மரநிழலில் தானாகச் சில மீட்டர் அலையும். இப்படி ஐந்து இடங்களில் சேர்ந்த 160 மீட்டரும், அதற்குச் செலவான 2:10 நிமிடமும் நகர்ந்த நேரத்துக்குள் புகுந்துகொண்டன. அதனால்தான் கடிகாரம் 68:10 நிமிடத்தை 12.16-ஆல் வகுத்து 5:36 என்று காட்டியது, அவருடைய உண்மையான ஓட்டமோ 5:30. நகர்ந்த நேரத்தில் இந்தக் கசிவு பேஸை மெதுவாக்கும். மொத்த நேரத்தில் அது நேர்மாறாக வேகமாக்கும்: 93:20-ஐ 12.16-ஆல் வகுத்தால் 7:47-க்குப் பதில் 7:41 வரும். ஆகவே குழுக் கணக்குக்குக் கடிகாரத்தின் தூரத்தை எடுக்கவே கூடாது. பாதையை ஒருமுறை வரைபடத்தில் அளந்து அந்த ஒரே எண்ணை எல்லோருக்கும் வைத்துக்கொள்வதே சரி.

திரும்பி ஓடிச் சேர்வது

நிற்பது பிடிக்காத சில குழுக்களில் வேறு வழக்கம் உண்டு. முன்னால் போனவர்கள் சந்திப்பைத் தொட்டவுடன் நிற்காமல் திரும்பி, கடைசி ஆள் வரும் இடம் வரை எதிரே ஓடி, அவரோடு சேர்ந்து மீண்டும் சந்திப்புக்கு வருவார்கள். உடல் குளிராது, கடைசி ஆளுக்கும் துணை கிடைக்கும். நம் குழுவும் இதை முயன்றது. இதில் கடிகாரம் இன்னும் அழகாகப் பொய் சொல்லும்.

முதல் பகுதியை மட்டும் பார்ப்போம். 5:30 பேஸில் வங்கி ஊழியர் 11:00-க்கு சந்திப்பைத் தொடும்போது ஆசிரியர் சுமார் 1.57 கி.மீ. வந்திருப்பார், இடைவெளி 430 மீட்டர். எதிரெதிரே ஓடினால் 1:19-இல் சந்திப்பார்கள், வங்கி ஊழியர் 240 மீட்டர் திரும்பி வந்திருப்பார். பிறகு அதே 240 மீட்டரை ஆசிரியரோடு 7:00 பேஸில். சந்திப்பை இருவரும் 14:00-க்கு அடைவார்கள். வங்கி ஊழியரின் தூரம் 2.48 கி.மீ., நின்றது ஒரு விநாடிகூட இல்லை, நகர்ந்த நேரமும் மொத்த நேரமும் ஒன்றே, பேஸ் 5:39. எல்லாம் நேர்மையாகத் தெரியும் எண்கள். ஆனால் குழு அந்த இரண்டு கிலோமீட்டரை 14 நிமிடத்தில், 7:00 பேஸில்தான் கடந்தது. திரும்பி ஓடும் குழுக்களில் முன்னால் ஓடுபவரின் கோப்பிலிருந்து ஒன்றே ஒன்றுதான் பயன்படும்: சந்திப்பிலிருந்து புறப்பட்ட நேரத்துக்கும் அடுத்த சந்திப்பில் ஆசிரியரோடு வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். அதைப் பாதையின் 2.0 கி.மீ.-ஆல் வகுக்க வேண்டும், கடிகாரத்தின் 2.48-ஆல் அல்ல.

ஒரே கடிகாரத்தால் அளப்பது

வாராவாரம் ஒன்பது கோப்புகளைத் திரட்டி வட்டம் வரைந்துகொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. தேவையும் இல்லை. கடைசி ஆளுக்குத் துணையாக ஒருவரை நியமித்தால் போதும். அவர் ஆசிரியருக்குத் துணை அல்ல, மாணவிக்கும் துணை அல்ல, அந்தந்தப் பகுதியில் யார் கடைசியோ அவருக்குப் பின்னால் ஓட வேண்டும். ஏற்றத்தில் மாணவி பின்தங்கினால் அவரோடு, இறக்கத்தில் முழங்காலுக்குப் பயந்து ஆசிரியர் மெதுவாக இறங்கினால் அவரோடு. இப்படி ஓடுபவரின் ஓட்ட நேரம்தான் வரையறைப்படியே கடைசி வருகைகளின் கூட்டுத்தொகை. 87:22-ஐ அவர் கடிகாரம் தானே கொடுத்துவிடும்.

அவர் செய்ய வேண்டியது, தொடங்குமுன் `Auto Pause`-ஐ அணைப்பது, கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாகச் சுற்றைப் பிரிக்கும் `Auto Lap`-ஐயும் அணைப்பது. இரண்டாவதை மறந்தால் ஐந்து சந்திப்புக்குரிய சுற்றுகளுக்கு நடுவே தானாக விழுந்த கிலோமீட்டர்ச் சுற்றுகள் கலந்து, பிறகு எது எது என்று பிரிக்கவே அரை மணி நேரம் போகும். சந்திப்பைத் தொட்டவுடன் சுற்றுப் பொத்தானை ஒருமுறை, எல்லோரும் கிளம்பும்போது மறுமுறை அழுத்துகிறார். ஓட்டம் முடிந்ததும் ஒற்றைப்படைச் சுற்றுகள் எல்லாம் ஓட்டம், இரட்டைப்படைச் சுற்றுகள் எல்லாம் பொது ஓய்வு. ஒருமுறை அழுத்த மறந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்: மொத்தம் பதினொரு சுற்று வர வேண்டும், வராவிட்டால் வழக்கத்தைவிட மெதுவான பேஸோடு நீளமான ஒரு சுற்று துருத்திக்கொண்டு நிற்கும்.

எக்செல்லில் கூட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. `14:00` என்று தட்டினால் அது பதினான்கு நிமிடம் அல்ல, பதினான்கு மணி. `0:14:00` என்று தட்ட வேண்டும். ஆறு பகுதிகள் 2 முதல் 7 வரையிலான வரிசைகளிலும், ஆட்களின் நேரங்கள் B முதல் J வரையிலான நெடுவரிசைகளிலும் இருந்தால், K2-இல் உள்ளதை K7 வரை நகலெடுத்துக்கொள்ளுங்கள்:

```
K2:  =MAX(B2:J2)
K8:  =SUM(K2:K7)
K9:  =K8/12
```

இங்கே பேஸ்களைச் சராசரி எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி வருகைகளின் பேஸ்கள் 7:00, 7:00, 8:30, 7:00, 7:00, 7:20. இவற்றை ஆறால் வகுத்தால் 7:18 வரும், சரியான விடையிலிருந்து ஒரே விநாடி. ஆறு பகுதிகளும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் கிடைத்த அதிர்ஷ்டம் அது. ஏற்றப் பகுதி 600 மீட்டராக இருந்திருந்தால் அந்த 8:30 தன் தகுதிக்கு மீறிய பங்கை எடுத்துக்கொண்டிருக்கும்.

சாலையைக் கடக்கப் பேருந்துக்காக நிற்பது போன்ற நிறுத்தங்களை என்ன செய்வது என்று கேட்டார்கள். சந்திப்புகளுக்கு நடுவே முன்னால் ஓடுபவர் நின்றால் அது காத்திருப்பில் மறைந்துவிடும், குழுக் கணக்கைத் தொடாது. கடைசி ஆள் நின்றால் அது அப்படியே 87:22-க்குள் ஏறிவிடும். நான் அதைக் கழிக்கவில்லை. அடுத்த வாரமும் அதே சாலையைத்தான் கடக்கப் போகிறார்கள்.

சந்திப்புகளின் விலை

நிறுத்தங்கள் கூடக் கூட, ஓட்ட நேரம் மட்டும் எடுத்தாலும், குழு மெதுவாகத்தான் செய்யும், வேகமாகாது. ஒரே பகுதியை இரண்டாக உடைத்தால், உடைந்த துண்டுகளின் கடைசி நேரங்களின் கூட்டுத்தொகை முழுப் பகுதியின் கடைசி நேரத்தைவிடக் குறைய வழியே இல்லை. நம் அட்டவணையிலேயே பார்க்கலாம். நடுவே எங்கும் நிற்காமல், திரும்பும் முனையில் மட்டும் சேர்ந்திருந்தால், போகும் பாதியில் ஆசிரியர் 42:48, மாணவி 42:16. வரும் பாதியில் ஆசிரியர் 42:00, மாணவி 40:20. இரண்டு பாதியிலும் ஆசிரியரே கடைசி, மொத்தம் 84:48. மாணவி ஏற்றத்தில் இழந்ததைச் சமதளத்தில் சேமித்த நேரம் ஈடுகட்டிவிடுகிறது.

எல்லா நிறுத்தங்களையும் நீக்க வேண்டும் என்பதில்லை. போகும்போது இரண்டாம் சந்திப்பை மட்டும் விட்டால் என்ன ஆகும்? இரண்டாம், மூன்றாம் பகுதிகள் சேர்ந்து ஆசிரியருக்கு 28:48, மாணவிக்கு 29:36. தனித்தனியாக இருந்தபோது 30:42. 1:06 மிச்சம், அங்கே எடுத்த 1:30 பொது ஓய்வும் மிச்சம், ஆக 2:36. திரும்பும் முனையை விட்டுவிட்டால், ஏற்றத்துக்கு முன்னால் நிற்கும் நிறுத்தம்தான் மிக விலை கூடியது, ஏனெனில் கடைசி ஆள் அங்கே மாறுகிறார்.

ஆனால் இந்தக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறது: நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒருவர் அதே பேஸில் ஓடுவார் என்று. அது உண்மையில்லை, அட்டவணையே சொல்கிறது. மாணவியின் சமதளப் பேஸ் முதல் பகுதியில் 6:20, இரண்டாவதில் 6:30, ஐந்தாவதில் 6:45, ஆறாவதில் 7:20. சரிந்துகொண்டே போகிறது. ஏற்றத்தில் கடைசியாக வந்ததால் அங்கே அவருக்குக் காத்திருப்பு ஓய்வு எதுவுமில்லை. அதே முனையில் வங்கி ஊழியருக்கு எட்டரை நிமிடம் கிடைத்தது, மாணவிக்கு நான்கு. ஆசிரியருக்கு முழு ஓட்டத்திலும் கிடைத்த ஓய்வு 11:32, வங்கி ஊழியருக்கு 27:20. அதிகம் களைப்பவருக்கே ஓய்வு குறைவு என்பது இந்த வழக்கத்திலேயே உள்ள கோணல். கடைசி ஆள் வந்ததும் "சரி, கிளம்பலாமா?" என்று கேட்பதை ஒழித்துவிட்டு, அவர் வந்த கணத்திலிருந்து இரண்டு நிமிடம் எண்ணத் தொடங்கினால் பொது ஓய்வு கூடும். அதனால் கடைசிப் பகுதி எவ்வளவு வேகமாகும் என்பதை ஒரே ஞாயிறின் கோப்பிலிருந்து சொல்ல முடியாது. அடுத்தடுத்த வாரங்களில் ஆறாம் பகுதியின் கடைசி வருகையை மட்டும் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

வங்கி ஊழியரின் 5:30 பற்றியும் ஒரு வார்த்தை. அது அவருடைய திறமைக்குச் சான்று என்று அவர் நினைத்திருந்தார், அதை வைத்து அரை மராத்தான் இலக்கும் போட்டிருந்தார். இரண்டு கிலோமீட்டர் ஓடி ஐந்து நிமிடம் நின்று ஓடுவது இடைவெளிப் பயிற்சி. 21.1 கிலோமீட்டரை நிற்காமல் அதே பேஸில் ஓட முடியுமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. வாரத்தின் நடுவே தனியாக நிற்காமல் ஒரு 12 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

குழுவின் அறிவிப்பு இப்போது இப்படி வருகிறது: "12 கி.மீ. கடைசி ஆளின் பேஸ் சமதளத்தில் 7:00, ஏற்றத்தில் 8:30. ஐந்து இடத்தில் நிற்போம். 5:30-க்குக் கிளம்பி 7:10-க்குத் திரும்புவோம்." சராசரி எண்ணையே போடவில்லை. 7:17 என்று போட்டால் ஏற்றத்தில் 8:30 ஓடுபவர் தனக்கு இடமில்லை என்று நினைக்கக்கூடும் என்பது மாணவியின் வாதம், அதை யாரும் மறுக்கவில்லை. அந்த 7:17 கடைசித் துணையாக ஓடுபவரின் தாளில் இருக்கிறது, புதிய பாதை போடும்போது நேரம் கணிக்கப் பயன்படுத்துகிறார்கள்: பாதையின் தூரத்தை 7:17-ஆல் பெருக்கி, நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டி, ஏற்றம் அதிகம் என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் 8:30 வைத்து.